ஜப்பான் ஏசி ரிமோட்: சில குறிப்புகள்

ஏசி ரிமோட்டை எடுத்தால் நம் கண் நேராக டிகிரி எண்ணுக்குத்தான் போகும். அதற்கு முன்னால் எந்த மோடில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே 28, குளிர் மோடில் ஒரு வேலை செய்யும். சூடு மோடில் அதற்கு நேர்மாறான வேலை செய்யும். பெரம்பலூரில் ஏசி வேலை பார்ப்பவன் என்பதால், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து ரிமோட் படங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

*

அரியலூரில் இருக்கும் அண்ணனின் மகன் ஜப்பானில் வேலை செய்கிறான். ஜூலையில் ஒரு ராத்திரி கூப்பிட்டான். "சித்தப்பா, இருபத்தெட்டுலதான் வச்சிருக்கேன். ஆனா அனல் காத்து அடிக்குது. கேஸ் போயிருக்குமா?"

கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும், காற்று சாதாரணமாக வரும். அனலாக வருகிறது என்றால் மிஷின் நன்றாக ஓடுகிறது, சூடாக்கும் வேலையில் ஓடுகிறது என்று பொருள். "ரிமோட்டைப் படம் புடிச்சு அனுப்புப்பா" என்றேன். திரையில் 暖房 என்று இருந்தது. அது சூடு மோடு. அவன் அழுத்தியிருக்க வேண்டியது 冷房.

*

இரண்டுக்கும் பின் எழுத்து ஒன்றுதான், 房. அதனால் முன் எழுத்தை மட்டும் பார்த்தால் போதும். 冷 குளிர், இடது ஓரத்தில் இரண்டு சின்னக் கீற்றுகள் மட்டும் இருக்கும். 暖 சூடு, இடது ஓரத்தில் நடுவே கோடு போட்ட ஒரு பெட்டி நிற்கும். பல ரிமோட்டுகளில் குளிர் பட்டன் நீலமாகவும் சூடு பட்டன் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். நிறம் அழிந்துபோன பழைய ரிமோட்டில் அந்தப் பெட்டிதான் அடையாளம்.

நம் ஊரில் விற்கும் ஏசிகளில் பெரும்பாலானவை குளிர் மட்டும் தருபவை. அதனால் சூடு மோடு என்று ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. ஜப்பானில் குளிர்காலத்திலும் அதே மிஷின்தான் அறையைச் சூடாக்குகிறது.

*

மற்ற மோடுகள்: 除湿 அல்லது ドライ என்றால் ஈரம் உறிஞ்சுவது, நம் ரிமோட்டில் நீர்த்துளி படம். 送風 என்றால் வெறும் ஃபேன். 自動 என்றால் ஆட்டோ. அதில் குளிரா சூடா என்பதை மிஷினே முடிவு செய்யும். 停止 நிறுத்துவது. 運転/停止 என்று ஒரே பட்டனில் இருந்தால் அது ஆன், ஆஃப் இரண்டும்.

எழுத்தே புரியாவிட்டாலும் ரிமோட்டின் நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஃபேன் மோடுக்குப் போனால் பெரும்பாலும் திரையிலிருந்து டிகிரி எண் மறைந்துவிடும். ஈரம் உறிஞ்சும் மோடில் பல மாடல்களில் காற்றின் வேகத்தை மாற்ற முடியாது. குளிர் மோடில் இரண்டையும் மாற்றலாம். சூடு மோடில் தொடங்கியதும் சில நிமிடம் காற்றே வராமல் இருக்கும். உள்ளே காயில் சூடான பிறகுதான் ஃபேன் சுழலும்.

குளிர் மோடைச் சோதித்துப் பார்க்கும்போது எண்ணை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நிறுத்திய உடனே மறுபடி போட்டால் கம்ப்ரஸர் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் கழித்துத்தான் எடுக்கும்; அது மிஷினுக்கான பாதுகாப்பு. அந்த மூன்று நிமிடத்துக்குள் பொறுமை இழந்து நாலு பட்டனை அழுத்தினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

*

நீர்த்துளி மோடு கரண்ட் மிச்சம் பிடிக்கும் என்று நம் ஊரில் சிலர் மே மாதமும் அதில் ஓட்டுகிறார்கள். பெரம்பலூர், அரியலூர் கோடை மதியம் வறண்ட வெயில். உறிஞ்ச ஈரம் அதிகம் இருக்காது. அந்த மோடில் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும், ஃபேன் மெதுவாகச் சுற்றும், 40 டிகிரி வெயிலை அது தாங்காது. அப்போது குளிர் மோடுதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெக்கை இல்லாமல் புழுக்கம் மட்டும் இருக்கும்போது நீர்த்துளி நல்ல பலன் தரும். ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலம் அப்படிப்பட்டது. அண்ணன் மகனுக்கு அந்த மாதங்களில் 除湿, வெயில் ஏறிய ஆகஸ்டில் 冷房 என்று சொல்லியிருக்கிறேன்.

*

டிகிரி பற்றி. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஜப்பான் அரசு 2005 முதல் கோடையில் 28 டிகிரி என்று சொல்லி வருகிறது. அந்த 28 அறையின் வெப்பம். ரிமோட்டில் வைக்கும் எண் அல்ல. வெயில் அடிக்கும் மேல்மாடி அறையில் 28 வைத்தால் அறை 30க்கு மேலேயே நிற்கக்கூடும். 26 வைத்து, அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டிப் பார்த்து, அதன்படி ஒவ்வொரு டிகிரியாக மாற்றச் சொன்னேன்.

*

டைமரில் இரண்டே எழுத்துகள்தான். 入 என்றால் ஆன் ஆவது, 切 என்றால் ஆஃப் ஆவது. தூங்கப் போகும்போது வேண்டியது 切. பக்கத்தில் 3時間後 என்று வந்தால் மூன்று மணி நேரம் கழித்து நிற்கும். 午前 அல்லது 午後 போட்டு 6:00 என்று வந்தால் அது கடிகார நேரம்: முதலாவது காலை, அடுத்தது மாலை. கடிகார டைமர் என்றால் ரிமோட்டின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பேட்டரி மாற்றினால் கடிகாரத்தை மறுபடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏசி கண்ட நேரத்தில் ஓடும். டைமரை நீக்க 取消.

கரண்ட் போய் வந்தால் பல மாடல்களில் டைமர் அழிந்துவிடும். மோடும் டிகிரியும் திரும்பி வந்தாலும் டைமர் வராது. ராத்திரியில் கரண்ட் போகும் நம் ஊருக்கும் இது பொருந்தும். விடியும்வரை ஏசி ஓடியதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

*

நிறுத்திய பிறகும் காற்று வந்தால் பயப்பட வேண்டாம். 内部クリーン என்ற வேலை ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே தங்கிய ஈரத்தைக் காய வைக்கிறது. மாடலைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும்.

*

கடைசியாக ஒன்று. ரிமோட் அனுப்புவதோடு சரி, மிஷின் வாங்கிக்கொண்டதா என்று பெரும்பாலான ரிமோட்டுகளுக்குத் தெரியாது. திரையில் 冷房 26 என்று இருப்பதால் மட்டும் ஏசி அப்படி ஓடுகிறது என்று நம்பக் கூடாது. 'பீப்' சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராவிட்டால் ரிமோட்டின் முனையை போன் கேமராவில் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் மினுக்கினால் ரிமோட் சரி. ஒன்றும் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவிலும் பாருங்கள்; அப்போதும் இல்லையென்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

வெளிநாடு போகும் பிள்ளைகள் 冷, 暖, 入, 切 என்ற நான்கு எழுத்துகளையும் தமிழ் அர்த்தத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, போன முதல் நாளே ரிமோட்டின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.