சிவப்பு லிங்க் சொல்லும் சேதி

ஓசூர்ல ஃபைனல் இயர் படிக்கிற நாங்க கிளம்பிட்டா, "இந்த ரூலை யார் போட்டது?"ன்னு ஜூனியர்ஸ் யாரைக் கேட்பாங்க? அதனால கிளப்புக்கு டோக்குவிக்கி போட்டோம். டேட்டாபேஸ் வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான். விதிகள் பக்கத்தில் ஒவ்வொரு வரியோடும் அதை முடிவு செய்த கூட்டத்தின் லிங்க்கை வைத்தோம்:

```
  * கருவி கடன்: 7 நாள் [[minutes:2025-08-04]]
```

வருடத்தை முதலில் எழுதினால் கூட்டக் குறிப்புகள் தேதி வரிசையில் நிற்கும். அந்தப் பக்கம் இருந்தால் லிங்க் பச்சை, இல்லைன்னா சிவப்பு. கடன் படிவத்தின் லிங்க்கும் அதே வரியின் கீழேதான்.

ஆளுக்கொரு லாகின் கொடுங்க. 7 நாளை யாராவது 15 ஆக்கினால், `Old revisions`-ல் பெயரோடு தெரியும். ஆனா பச்சை என்றால் பக்கம் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். முடிவு உள்ளே எழுதியிருக்கான்னு நீங்கதான் திறந்து பார்க்கணும்.