மூணு விசில் தமிழ்



போன வாரம் பேரன் எழுதிய இரண்டு வரியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர், "டீச்சர், எங்க பிள்ளைக்குத் தமிழ் பேச வருது, எழுத வரலை. உங்க மகள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறா?" என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதக் கை வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

மகள் இருப்பது நியூ ஜெர்சியில். பேரனுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறான். வாரத்தில் ஒரு நாள் படிப்பது அடுத்த வாரத்துக்குள் பாதி மறந்துபோகும். வீட்டில் தினமும் தொட்டால்தான் நிற்கும் என்று மகள் போனில் இரவு எட்டரைக்கு அலாரம் வைத்தாள். சாப்பிட்டு முடித்துத் தூக்கம் சொக்கும் நேரம் அது. அலாரம் அடிப்பதும் இவன் அழுவதுமாக இரண்டு வாரம் ஓடி, அதோடு நின்றது.

அப்புறம் மாலை ஏழு மணிக்கு மாற்றினாள். குக்கரில் சோறு வைக்கும் நேரம். அலாரம் அடித்ததும் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள், இவன் சாப்பாட்டு மேசையில் இருக்கும் நோட்டைத் திறப்பான். மூணு விசில் வந்ததும் மூடிவிடலாம். எப்போது முடியும் என்று பிள்ளைக்குக் காதிலேயே கேட்டுவிடுகிறது, அதனால் பேரம் பேசுவதில்லை. அலாரத்தை நிறுத்துவதும் அவன் வேலைதான், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பங்கு கிடையாது. இந்த விதியை மகள் கண்டிப்பாக வைத்திருக்கிறாள். பாக்கி ஏறினால் பெரியவர்களே கடையை மாற்றிப் போகிறோம், பிள்ளை என்ன செய்யும்?

அங்கே மாலை ஏழு என்றால் நமக்கு அதிகாலை நாலரை. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது ஐந்தரை. நான் வாசல் தெளிக்க எழுந்திருக்கும்போது நோட்டின் படம் வந்திருக்கும்.

இனி அந்தப் பத்து நிமிஷத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

படிப்பதற்கு நான்கு வரி. அரசுப் பாடநூல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் எட்டு வயதுப் பையனுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறது, மூன்றாம் வகுப்புப் புத்தகமோ மொழியில் கடினம். அதனால் வாரம் ஏழு சீட்டு நானே கையால் எழுதி அனுப்புகிறேன். எல்லாம் நம் செண்பகத்தோப்புச் சங்கதிகள்தாம். காட்டழகர் கோயில், மீன்வெட்டிப் பாறை அருவி, அப்புறம் சாம்பல் நிற அணில். இந்த அணிலுக்காகவே 1988-ல் நம் மலையைச் சரணாலயமாக்கினார்கள் என்றும், 2021-ல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது என்றும் ஒரு சீட்டில் எழுதினேன். அன்றைக்கு மூணாவது விசிலுக்குப் பிறகும் அவன் நோட்டை மூடவில்லையாம். புலி செய்த வேலை!

ஒரு நாள் சீட்டில் இப்படி இருந்தது: "அணில் மரத்தின் உச்சியில் கூடு கட்டுகிறது." ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தான். "அணில் என்ன செய்யுது?" என்று மகள் கேட்டாள். விழித்தான். அவனுக்குக் "கட்டுது" தெரியும், "கட்டுகிறது" தெரியாது. "மரத்து மேல" தெரியும், "மரத்தின் உச்சியில்" தெரியாது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்த இடைவெளி இருந்தாலும், பேருந்துப் பலகை, சுவர் விளம்பரம், டிவி செய்தி எல்லாம் ஏட்டுத் தமிழைக் கண்ணிலும் காதிலும் போட்டுக்கொண்டே இருக்கும். அங்கே வளரும் பிள்ளைக்கு அம்மா அப்பா பேசுவது மட்டுந்தான் தமிழ். அதனால் எழுத்து முழுதும் தெரிந்தபிறகும் பொருள் தெரியாமலே வாசிக்கும். சரளமாக வாசிப்பதைக் கேட்டுப் பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். "நீ வாயால எப்படிச் சொல்லுவ?" என்று ஒரு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

இதற்காக மகள் நோட்டின் பின்பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டாள். இடப்பக்கம் "வாய்", வலப்பக்கம் "ஏடு". போறேன் என்றால் எதிரே போகிறேன். அவங்க, அவர்கள். வந்துட்டான், வந்துவிட்டான். தினம் ஒரே ஒரு ஜோடி, அதுவும் அன்றைய சீட்டில் வந்ததாக இருக்க வேண்டும். இருபது ஜோடி சேர்ந்திருக்கும், ஒரு நாள் போனில், "அம்மாச்சி, புக்குல எழுதுறவங்க நடுவுல ஒரு 'கிற' போட்டுர்றாங்க" என்றான். நிகழ்கால இடைநிலை என்று நான் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதை இவன் தானாகவே பிடித்துவிட்டான்.

எழுதுவது இரண்டு வரி. இதில் அவனுக்குப் பெரிய தொல்லை கொம்பு. "கெ" என்னும்போது காதில் க் முதலில், எ பிறகு. தாளிலோ கொம்பு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒலி வரும் வரிசையில் எழுதிப் பழகிய கை, க-வை முதலில் போட்டுவிடுகிறது, பிறகு முன்னால் இடம் தேடிக் கொம்பைச் செருகுகிறது. எழுதி முடித்த தாளில் பிழை தெரியாது. எனக்குப் படத்தில் எப்படித் தெரிந்தது என்றால், கொம்பு மட்டும் ஒடுங்கி, முந்தைய எழுத்தின் மேல் இடித்துக்கொண்டு நின்றது. அப்படி இருந்தால் தாளைத் திருத்திப் பயனில்லை, எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் கொம்பில் தொடங்கும் சொற்களாகவே கொடுக்கச் சொன்னேன். தேன், வெல்லம், கோயில், பேச்சியம்மன், கொய்யா. மகள் சொல்லைச் சொன்னதும் அவன் பென்சிலை எடுக்காமல், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று விரலால் காட்ட வேண்டும். அப்புறந்தான் எழுத்து. பத்து நாளில் இடிபாடு குறைந்தது. "கொ", "கோ" இரண்டிலும் துணைக்காலை மறப்பது இன்னும் இருக்கிறது. ர, ற குழப்பமும் அப்படியே. மதுரைப் பக்கத்துப் பேச்சில் இரண்டுக்கும் ஒலி வேறுபாடு பெரிதாக இல்லை, அம்மா பேச்சைக் கேட்டு எழுதும் பிள்ளை எப்படிப் பிரிக்கும்? அது கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் படியும். பத்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடாது.

இத்தனை பாடும் எதற்கு என்று ஓர் உறவுக்காரர் கேட்டார். என் அம்மாவுக்கு, அதாவது அவனுடைய பூட்டிக்கு, இரண்டு வருஷமாகக் காது அறவே கேட்பதில்லை. போனில் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான். ஆனால் பூதக்கண்ணாடி வைத்து இன்றும் தினசரி படிக்கிறார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள வேறு வழி கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் அந்த இரண்டு வரி பூட்டிக்கு. அன்று ஏட்டுத் தமிழ் வேண்டாம், வாயில் வருவதை அப்படியே எழுதலாம், பிழையைத் திருத்தக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். படத்தை நான் பெரிதாக அச்செடுத்துக் கொடுப்பேன்.

போன வெள்ளிக்கிழமை, "பூட்டி, அணில் மாங்கா தின்னுச்சா?" என்று எழுதியிருந்தான். அம்மா கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் படித்துவிட்டு, நடுங்கும் கையால் அடியிலேயே பதில் எழுதினார்: "தின்றுவிட்டது. கொட்டையை எனக்குப் போட்டது."

மறுநாள் அதிகாலை வந்த படத்தில், "ஏடு" பக்கத்தில் "தின்றுவிட்டது" என்று இருந்தது. எதிரே "வாய்" பக்கத்தில் "தின்னுருச்சு". கீழே பென்சிலில் ஓர் அணில் படம், அதன் கையில் ஒரு கொட்டை.