அப்பப்பாவின் பென்சனும் மாமியின் சேமலாப நிதியும்

எங்கட வீட்டில் பணம் பற்றிய சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். "கொப்பப்பாவப் பார். கவுண்மென்ட் வேலை எண்டா சாகும் வரைக்கும் சோறு" என்று அப்பா சொல்லுவார். போன மாதம் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் இருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தபோதும் அதையேதான் சொன்னார். சம்பளம் நல்லது, ஆனால் பென்சன் இல்லை, ஊழியர் சேமலாப நிதிதான். அந்த இரவு முழுக்க நான் யோசித்தது என் சம்பளத்தைப் பற்றியல்ல, அப்பப்பாவையும் மாமியையும் பற்றி.

அப்பப்பா தலைமன்னாரில் ரயில்வேயில் இருந்தவர். 1986இல் ஓய்வு பெற்றார். நாலு வருஷத்தில் யுத்தம் ரயிலை நிறுத்தியது. பிறகு தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. எங்கட ஆட்கள் மடுவுக்கு ஓடினார்கள், சிலர் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனார்கள். 2015இல்தான் இறங்குதுறை வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. இந்த 25 வருஷமும் தலைமன்னாரில் இருந்து ரயில்வேக்கு ஒரு டிக்கட் காசுகூட வரவில்லை. ஆனால் அப்பப்பாவின் பென்சன் வந்துகொண்டிருந்தது. சில காலம் பிந்தி வந்தது, எடுக்க வவுனியா வரைக்கும் அலைய வேண்டியிருந்தது. நின்றுபோகவில்லை.

இதைத்தான் வரையறுத்த நலன் திட்டம் என்கிறார்கள். முதலில் சொல்லப்படுவது கடைசியில் கிடைக்கப்போகும் தொகை. எத்தனை வருஷம் வேலை செய்தாய், கடைசிச் சம்பளம் எவ்வளவு, இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்தக் காசை எங்கே இருந்து எடுப்பது என்பது தருபவரின் தலையிடி. இலங்கை அரச ஓய்வூதியத்துக்குப் பின்னால் முதலீடு செய்த நிதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வருஷமும் வரவு செலவுத் திட்டத்தில் இருந்து, அதாவது வரியில் இருந்தும் கடனில் இருந்தும் கொடுக்கிறார்கள். வட்டி விழுந்தாலும் பங்குச் சந்தை சரிந்தாலும் அப்பப்பாவின் தொகை குறையாது.

மாமி அப்பப்பாவின் மகள். மன்னார் டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினவ. அவவுக்கு இருந்தது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 வீதம் அவவுடையது, 12 வீதம் முதலாளி போடுவது. 50,000 ரூபா சம்பளம் என்றால் மாதம் 10,000 உள்ளே போகும். இங்கே நிச்சயமானது போடுகிற தொகை மட்டும்தான். எவ்வளவாக வளர்ந்து திரும்பி வரும் என்று எவரும் எழுதித் தரவில்லை. இது வரையறுத்த பங்களிப்புத் திட்டம். நிதியை மத்திய வங்கி முதலீடு செய்கிறது, வருஷா வருஷம் ஒரு வட்டி வீதத்தை அறிவிக்கிறது. உழைத்தால் உனக்கு, உழைக்காவிட்டாலும் உனக்கு.

2022இல் அந்த வித்தியாசம் எங்கட வீட்டுக்குள்ளேயே தெரிந்தது. அந்த வருஷத்துக்கு நிதி அறிவித்த வட்டி 9 வீதம். கணக்கு லேசாக இருக்க, மாமியின் கணக்கில் வருஷத் தொடக்கத்தில் 10 லட்சம் இருந்தது என்று வைப்போம். வருஷ முடிவில் அது 10 லட்சத்து 90 ஆயிரம். புத்தகத்தில் பார்த்தால் லாபம். ஆனால் 2022 டிசம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பொருள் விலை முந்தின டிசம்பரைவிட 57 வீதம் கூடியிருந்தது. முன்பு 10 லட்சத்துக்கு வாங்கியதை வாங்க 15 லட்சத்து 70 ஆயிரம் வேண்டும். கையில் இருப்பது 10.9. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட காணாமல் போய்விட்டது. ஒருவரும் களவெடுக்கவில்லை, ஒரு ரூபாவும் வெட்டவில்லை.

மாமிக்கு அந்த முடிவில் 50 வயது. பெண்கள் 50இல், ஆண்கள் 55இல் நிதியை மொத்தமாக எடுக்கலாம். மச்சானுக்கு ஃபைபர் போட்டும் எஞ்சினும் வாங்க வேண்டியிருந்தது, 2023 தொடக்கத்திலேயே எடுத்துவிட்டா. அந்த 2023க்கு நிதி 13 வீதம் கொடுத்தது, விலையேற்றமும் வருஷ முடிவில் 4 வீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் நிலைமை வேறு. எந்த வருஷத்தில் 50 ஆகிறோம் என்பதும் பங்களிப்புத் திட்டத்தில் ஆபத்துத்தான். அப்பப்பா எந்த வருஷம் ஓய்வு பெற்றிருந்தாலும் சூத்திரம் அதேதான்.

மாமி எடுத்த பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் உறைத்தது. சேமலாப நிதியின் பெரும் பகுதி திறைசேரி முறிகளில் இருக்கிறது. அதாவது எங்கட ஓய்வுகாலக் காசு அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன். நாடு வங்குரோத்தானதும், 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றியது. நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதியவற்றை எடுக்க வேண்டும். புதியவற்றுக்கு 2025 வரைக்கும் 12 வீதம், அதன் பின் 9 வீதம். மறுத்தால் முறி வருமானத்துக்கான வரி 14இல் இருந்து 30 வீதமாகும். நிதி மாறிக்கொண்டது. அங்கத்தவருக்குக் குறைந்தது 9 வீதம் கிடைக்கும் என்று அரசு உறுதி சொன்னது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை இதில் சேர்க்கவில்லை, வங்கிகள் தாங்காது என்றார்கள்.

அரச ஓய்வூதியமும் அதே திறைசேரி கொடுக்க வேண்டிய காசுதான், ஆனால் அந்தச் சூத்திரத்தில் கை வைக்கவில்லை. கடன்காரன் ஒருவன்தான். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தான், மற்றவரிடம் கடன் வாங்கியிருந்தான். குறைத்தது கடனுக்கான வட்டியை.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "அதத்தானேடா நானும் சொல்லுறன்" என்றார்.

முழுக்க அதில்லை. 2022இல் அப்பப்பாவின் பென்சனும் விலையோடு சேர்ந்து ஏறவில்லை. ஜனவரியில் இருந்து மாதம் 5,000 ரூபா விசேட கொடுப்பனவு கூடியது, அவ்வளவுதான். பிளட் பிரஷர் மாத்திரையை அரைவாசியாக உடைத்துப் போட்டவர் அவர். முதலீட்டு ஆபத்து அவருடையதல்ல, விலையேற்ற ஆபத்தில் ஒரு பங்கு அவருடையதே. முதலீட்டு ஆபத்து காற்றில் கரைந்துவிடுவதும் இல்லை. வற் வரி 2022இலேயே 8இல் இருந்து 12, பிறகு 15 ஆனது, 2024இல் 18. அந்த வரியில் இருந்துதான் பென்சனும் போகிறது. மாமி தன் நிதியில் வந்த நட்டத்தையும் தாங்கிக்கொண்டு, சவர்க்காரம் வாங்கும்போது அப்பப்பாவின் பென்சனுக்கும் கொடுத்தா. தலைமன்னார்க் கரையில் வலை இழுக்கிற, இரண்டில் ஒன்றும் இல்லாதவரும் கொடுத்தார்.

மாமியிடம் கேட்டேன், கோபம் வரேல்லையா எண்டு.

"அப்பாட பென்சன்லதானேடா நான் படிச்சனான். ஆரோட கோவிக்கிறது?" என்றா. பிறகு, "நீ போறதெண்டா போ. ஆனா வருஷத்துக்கு ஒருக்கா ஸ்டேட்மென்ட எடுத்துப் பார். நான் இருபது வருஷமாப் பாக்கேல்ல" என்றா.

கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறி வைத்திருக்கிறேன்: அந்த வருஷம் நிதி அறிவித்த வட்டி, அந்த வருஷம் விலை ஏறின வீதம். முதலாவது இரண்டாவதைவிடக் கீழே போகிற வருஷங்களில், நிதியை நம்பாமல் வெளியில் நானே கூடச் சேமிக்க வேண்டும். அப்பப்பாவுக்கு இப்படி ஒரு கொப்பி தேவைப்படவே இல்லை.