நான் சேர்த்த காரணம்

என் தங்கையின் கரு வளராமல் நின்றுபோனதை ஒரு வார இதழில் கதையாக எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கணவரின் இரவு ஷிப்ட் அப்படியே இருந்தது. அவள் ஓட்டிய ஸ்கூட்டரின் நிறம் இருந்தது. திருக்கருகாவூரில் வாங்கிவந்த நெய் அலமாரியில் எந்தத் தட்டில் இருந்தது என்பதுகூட இருந்தது. அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அவளுடைய நாத்தனார்தான் முதலில் படித்தார்.

ஸ்கேன் அறைக்கு அவள் நம்பிக் கூட்டிப்போன ஒரே ஆள் நான். அவளுடைய அளவுகளை இங்கே எழுத மாட்டேன். பொதுவான விதியை மட்டும் சொல்கிறேன். உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் இதயத் துடிப்பு தெரியவில்லை என்றால், கரு நின்றுவிட்டது என்று முடிவுசெய்யலாம். அதற்குக் குறைவாக இருந்தால் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. நாள் கணக்கு தவறியிருக்கலாம். துடிப்பு இனிமேல்தான் வர வேண்டியிருக்கலாம். குறைந்தது ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். தங்கையை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "போலிக் ஆசிட் மாத்திரையத் தொடர்ந்து சாப்பிடட்டுமா மேடம்?" அந்த ஒரு வாரமும் வேலைக்குப் போனாள், சமைத்தாள், எதுவும் தெரியாதவள்போல எல்லாரோடும் பேசினாள்.

என் கதையில் அந்த வாரமே கிடையாது. அந்தக் கேள்வியும் கிடையாது. ஸ்கேன் மேசையிலேயே அவளைக் கதற வைத்தேன். உண்மையில் அவள் என் முன்னால் அழவே இல்லை. அழாதவளை எழுத எனக்குத் திறமை போதவில்லை. அழவைப்பது சுலபமாக இருந்தது. படித்துக் கண் கலங்கியதாக வாசகர் கடிதங்கள் வந்தன. பெருமைப்பட்டேன்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. கதைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. குண்டும் குழியுமான சாலையில் அவள் ஸ்கூட்டரில் போவதை எழுதி, அடுத்த பத்தியிலேயே கருவை நிறுத்தினேன். இரண்டாவது ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் சொன்னது வேறு. முதல் மூன்று மாதத்தில் நின்றுபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கையில் வரும் பிழைதான் காரணம் என்றார். கரு உருவாகும்போதே பெரும்பாலும் அது நேர்ந்துவிடுகிறது. வண்டி ஓட்டியதாலோ, குடம் தூக்கியதாலோ, படி ஏறியதாலோ வருவதில்லை. தங்கை அதைத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் காதால் கேட்ட பிறகுதான் ஸ்கூட்டரை எழுதினேன். யார் மேலும் குற்றமில்லாத இழப்பு எனக்குக் கதையாகத் தெரியவில்லை.

நாத்தனார் அதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினார். "கூடவே இருந்தவ எழுதியிருக்கா. பொய்யா சொல்லுவா?" என்று கேட்டாராம் மாமியார். ஸ்கூட்டர் சாவி அவருடைய பீரோவுக்குள் போனது. தங்கை இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். டாக்டர் சொன்னதை அவள் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. அச்சில் வந்ததைத்தான் நம்பினார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த பேச்சுகளை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதவில்லை.

என்னிடம் அவள் கத்தவில்லை. போனில் சொன்னாள்: "ராத்திரி எல்லாம் யோசிச்சு யோசிச்சு, வண்டியால இல்லன்னு இப்பத்தான் நம்ப ஆரம்பிச்சிருந்தேன் அக்கா. நீ மறுபடியும் என் தலையில ஏத்திட்ட."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போகவும் பயந்தேன். மாதக்கணக்கில் போகவில்லை. அத்தனை மாதமும் சாவி பீரோவில்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் போய் அவள் மாமியார் முன்னால் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதை முழுக்கச் சொன்னேன்.

"அப்போ பத்திரிகையில பொய்யா எழுதின?" என்றார்.

"ஆமாம் அத்தை."

"எதுக்கு?"

"கதை நல்லா வரணும்னு."

அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். சாவி மறுநாள் தங்கை கைக்கு வந்தது. நான் சொன்னதை நம்பித்தான் கொடுத்தாரா என்று கேட்டுப் பார்க்க எனக்கு முகமில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். சில வரிகளை அடித்தாள். மாத்திரையைப் பற்றிய கேள்வியை விட்டுவைத்தாள். டாக்டர் அதற்குச் சொன்ன பதிலையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.