இருபது மா தொட்டி

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஐந்தடி உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. கிணற்றில் கரண்டு மோட்டார் ஒன்று. கீழ்க்காட்டுச் சிறு கிணற்றிலிருந்து ஆயில் இஞ்சின் இறைக்கும் குழாயும் அதே தொட்டியில்தான் வந்து விழும். தென்னைக்கும் மஞ்சளுக்கும் தண்ணீர் விட, தொட்டியின் அடியில் ஒரு வாய். அதை வேப்பமரத் தக்கையில் துணி சுற்றி அடைத்திருப்பார்கள். அந்தத் தக்கை தேய்ந்துபோய் எந்நேரமும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த கோடையில்தான் நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் இதே தொட்டியைப் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு குழாய் ஐந்து மணியில் நிரப்பும், இன்னொன்று பத்து மணியில் நிரப்பும், அடி ஓட்டை இருபது மணியில் காலி செய்யும். மூன்றும் திறந்திருந்தால் எப்போது நிரம்பும்? வகுப்பில் பாதிப் பேர் ஐந்தையும் பத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கப் போவார்கள். ஏழரை என்று வரும். மோட்டார் தனியாகவே ஐந்து மணியில் நிரப்பும்போது, துணைக்கு ஆள் வந்த பிறகு ஏழரை மணி எப்படி ஆகும் என்று வாத்தியார் கேட்பார். மணிகளைக் கூட்டக் கூடாது, ஒரு மணியில் நடக்கும் வேலையைத்தான் கூட்ட வேண்டும் என்று அவர் கரும்பலகையில் எழுதிய வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

இதை அப்பாருவிடம் சொன்னேன். அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். பின்னம், சதவீதம் என்ற பேச்செல்லாம் அவரிடம் இல்லை. "நம்ம தொட்டியும் அதேதான் கண்ணு. முழுத் தொட்டி இருபது மான்னு வெச்சுக்க" என்றார். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா.

"மோட்டாரு அஞ்சு மணியில ரொப்புது. அப்ப மணிக்கு எத்தனை மா?"

"நாலு மாங்க அப்பாரு."

"இஞ்சினு?"

"பத்து மணிங்க. அப்ப ரெண்டு மா."

"ஒழுக்கு இருபது மணியில காலி பண்ணுது. மணிக்கு ஒரு மா போயிருது. நாலும் ரெண்டும் ஆறு, ஒண்ணு போனா அஞ்சு. அஞ்சு மான்னா கால். மணிக்குக் கால் தொட்டி ஏறுச்சுன்னா நாலு மணியில ரொம்பிரும்."

எழுதாமலே முடித்துவிட்டார். நான் நோட்டை எடுத்து ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று பகுதி சமப்படுத்தி, நாலில் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். பிறகு சதவீதத்திலும் போட்டுப் பார்த்தேன்: இருபது, பத்து, கழிவு ஐந்து, ஆக மணிக்கு இருபத்தைந்து. மூன்று வழியும் ஒரே இடத்துக்கு வந்தன. ஒரு மா என்பது ஐந்து சதவீதம்தான் என்று தெரிந்தபோது அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சின்னதல்ல. மூன்று மணியில் நிரப்பும் குழாய் என்றால் இருபது மா சரியாகப் பங்காகாது, சதவீதமும் முப்பத்துமூன்றே மூன்றில் ஒன்று என்று இழுக்கும். அதற்கும் அப்பாருவிடம் வழி இருந்தது. மூன்று மணிக் குழாய், நாலு மணிக் குழாய், ஆறு மணி ஒழுக்கு என்றால் தொட்டியைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள்வார். நாலும் மூன்றும் ஏழு, இரண்டு போக ஐந்து. பன்னிரண்டு பங்குக்கு இரண்டு மணி இருபத்துநாலு நிமிஷம். மீச்சிறு பொது மடங்கு என்று வாத்தியார் சொல்லித் தந்ததும் இதைத்தான்.

அந்தக் கோடையில் எங்கள் லைனுக்குக் காலையில் நாலு மணி நேரம்தான் மும்முனைக் கரண்டு வரும். கணக்கின்படி தொட்டி அதற்குள் சரியாக நிரம்பிவிட வேண்டும். ஆனால் ஒரு நாளும் நிரம்பவில்லை. கரண்டு போகும்போது விளிம்புக்கு நாலங்குலம் கீழேயே தண்ணீர் நின்றது. அப்பாரு தொட்டியின் உள்சுவரில் மூன்றங்குலத்துக்கு ஒன்றாகத் தாரில் கோடு போட்டார். அறுபது அங்குலத்துக்கு இருபது கோடு, கோட்டுக்கு ஒரு மா. அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கி என் கையில் கட்டிவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் குறிக்கச் சொன்னார்.

மணிக்கு ஐந்து மா என்றால் ஒரு கோட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆக வேண்டும். முதல் கோடு பத்தரை நிமிஷத்திலேயே முங்கியது. நடுவில் பன்னிரண்டைத் தாண்டியது. உச்சிக் கோடுகளுக்கு ஏறக்குறையப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. குழாய்கள் இரண்டும் விளிம்புக்கு மேலிருந்து கொட்டுகிறவை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கொட்டுவது மாறாது. அப்படியென்றால் மாறுவது ஒழுக்குதான்.

ஒரு சாயங்காலம் ஒழுக்கைத் தற்காலிகமாக அடைத்துத் தொட்டியை நிரப்பி, குழாய்களை நிறுத்திவிட்டு அடைப்பை எடுத்தோம். மணிக்கு ஒரு மா என்றால் பத்து மணி நேரத்தில் பாதித் தண்ணீர் மிஞ்ச வேண்டும். முதல் மணியிலேயே கிட்டத்தட்ட இரண்டு கோடு இறங்கிவிட்டது. பத்து மணி நேரம் கழித்து லாந்தரோடு போய்ப் பார்த்தோம். ஐந்து கோடு உயரத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. கால் தொட்டி. அந்தக் கால் தொட்டி வடிய இன்னும் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. இருபது மணி என்ற மொத்தம் பொய்யில்லை. மணிக்கு ஒரு மா என்பது சராசரியாக மட்டும் உண்மை.

பள்ளி திறந்ததும் நேரம் குறித்த தாளை வாத்தியாரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி ஓட்டையில் தண்ணீர் பாயும் வேகம் மேலே நிற்கும் தண்ணீரின் ஆழத்துக்கு வர்க்கமூலமாகப் போகும், டாரிசெல்லி என்ற இத்தாலியர் 17ஆம் நூற்றாண்டில் கண்டது என்றார். ஆழம் காலாகக் குறைந்தால் வேகம் பாதியாகும். நிறைந்த தொட்டியில் ஒழுக்கு மணிக்கு இரண்டு மா, அடிமட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் ஆறு மாவில் தொடங்கும் ஏற்றம் விளிம்பருகே நாலு மாவாகச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிச் சுருங்கி ஏறும் தொட்டிக்கு நாலு மணி போதாது, நாலு மணி இருபது நிமிஷம் ஆகும் என்பதைப் பின்னால் கல்லூரியில் தொகைநுண்கணிதம் படித்தபோது நானே போட்டுத் தெரிந்துகொண்டேன். நாலாம் மணியில் நாலங்குலம் குறைந்து நின்றதும் அந்தக் கணக்கில் அப்படியே வந்தது. புத்தகக் கணக்கு ஓட்டையை இன்னொரு குழாய் போலவே நடத்துகிறது. உள்ளே வரும் குழாய்க்கு அது சரி, அடியில் ஒழுகும் ஓட்டைக்குச் சரியில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்பாரு வர்க்கமூலத்துக்குக் காத்திருக்கவில்லை. தொட்டி வடிந்த கணக்கைப் பார்த்த அன்றே புதுத் தக்கை செதுக்கி, தேங்காய் நாரைக் களிமண்ணில் குழைத்துச் சுற்றி அடித்து இறுக்கினார். ஒழுக்கு நின்றது. மணிக்கு முழுசாக ஆறு மா. இருபது மாவுக்கு மூன்று மணி இருபது நிமிஷம். மறுநாள் கரண்டு போக நாற்பது நிமிஷம் இருக்கும்போதே தொட்டி விளிம்பைத் தொட்டது. மிச்சக் கரண்டில் மோட்டார்த் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் நேரே தென்னை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்.