இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு

திருமுடிவாக்கம் சிட்கோவில் சின்னப் பட்டறைகள் பலவற்றில் இன்னும் வாரச் சம்பளம்தான். மாமாவின் பட்டறையிலும் சனிக்கிழமைதான் கூலி நாள். ஒரகடம் பக்கம் போகும் கார் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை அது. ரெண்டு சிஎன்சி லேத், ஏழு ஆட்கள். 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து ரூ. 29,500 போனதாக எஸ்எம்எஸ் வந்தது. 'லோன் பிராசசிங் சார்ஜ்' என்று இருந்தது. மறுநாள் கூலிக்கு அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அது. அன்று சாயங்காலம் பக்கத்து பிரஸ் ஷாப்காரரிடம் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தார்.

நான் பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மாமாவின் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் நான்தான். அதனால் போன் எனக்கு வந்தது.

"பாப்பா, பன்னெண்டாயிரத்துச் சொச்சம்தானே சொன்னாங்க? இப்ப இருபத்தொம்போது எடுத்திருக்காங்க. நான் எதும் தப்பா கேட்டுக்கிட்டேனா?"

அவர் தப்பாகக் கேட்கவில்லை. விஎம்சி மெஷின் ஒன்று வாங்க அவர் 25 லட்சம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். வங்கி 22 லட்சம்தான் ஒதுக்கியது. ஜனவரி 9 தேதியிட்ட சாங்ஷன் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில், செயல்பாட்டுக் கட்டணம் 'ஒதுக்கப்பட்ட தொகையில் 0.50 சதவீதம், கூடவே ஜிஎஸ்டி' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. 22 லட்சத்துக்கு 0.50 சதவீதம் 11,000. அதன் மேல் 18 சதவீதம் வரி 1,980. ஆக 12,980. மாமாவும் வங்கியும் கையெழுத்துப் போட்ட கணக்கு அது.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் கோபப்படாமல் ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்க வேண்டும். பிடித்த தொகையை 1.18ஆல் வகுத்தால் வரி கழிந்து அசல் கட்டணம் வெளியே வந்துவிடும். 29,500ஐ வகுத்தேன். சரியாக 25,000 வந்தது. வரியோடு சேர்த்து ஒரே தொகையாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது அதில் உறுதியாகிவிட்டது. வேறு ஏதாவது செலவு உள்ளே கலந்திருந்தால் இப்படி உருண்டையான எண் வந்திருக்காது. அடுத்து அந்த 25,000ஐ 22 லட்சத்தோடு ஒப்பிட்டேன். 1.136 சதவீதம். எந்த வங்கியும் அப்படி ஒரு விகிதம் வைத்திருக்காது. அப்போதுதான் பொறி தட்டியது. 25,000 என்பது 25 லட்சத்தில் ஒரு சதவீதம். விகிதமும் தப்பு, எந்தத் தொகைமேல் கணக்கிட்டார்கள் என்பதும் தப்பு.

இதை வைத்து நடந்ததை ஓரளவு ஊகிக்க முடிந்தது. வங்கியின் வழக்கமான கட்டணம் ஒரு சதவீதம். பழைய வாடிக்கையாளர் என்பதால் மேனேஜர் மேலிடத்தில் பேசிப் பாதியாகக் குறைத்துத் தந்திருக்கிறார், அது லெட்டரில் ஏறிவிட்டது. கடன் கணக்கைக் கணினியில் திறந்தவர் அந்தச் சலுகையை உள்ளே ஏற்றவில்லை. விண்ணப்பத் தொகையையும் மாற்றவில்லை. கணினி தனக்குத் தெரிந்த வழக்கமான விகிதத்தில் பிடித்துக்கொண்டது. லெட்டர் ஒரு வழியில் போக, கணினி இன்னொரு வழியில் போயிருக்கிறது. யாரும் திருட நினைக்கவில்லை என்றுதான் நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் தானாகப் போன பணம் தானாகத் திரும்பி வராது.

மாமாவுக்கு வங்கிக்கு எழுதுவதில் கொஞ்சமும் விருப்பமில்லை. காரணம் பணம் இல்லை. மார்ச்சில் கேஷ் கிரெடிட் லிமிட் புதுப்பிக்க வேண்டும், அதே மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். "அந்த சார்தான் பாப்பா பாதியா குறைச்சுக் குடுத்தாரு. அவருமேலயே புகார் குடுத்தா நல்லா இருக்குமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்குள்ளேயே எங்களுக்கு வழியும் இருந்தது. குறைத்துக் கொடுத்தவரின் கையெழுத்தைத்தான் கணினி மதிக்கவில்லை. நாம் எழுதப்போவது அவருடைய கையெழுத்தைக் காப்பாற்றச் சொல்லித்தானே? இப்படிச் சொன்னதும் மாமா கொஞ்சம் இறங்கி வந்தார்.

முதலில் அவரே நேரில் போனார். மேனேஜர் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்து "பார்க்கிறேன் சார்" என்றார். ஒரு வாரம் போனது. வாய்மொழியாகச் சொன்னதற்குத் தேதி கிடையாது என்பதுதான் இதில் சிக்கல். 2021ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். வங்கி அதை மறுத்தாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோதான் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். டீ குடித்த நாளிலிருந்து அந்த முப்பது நாள் ஓடாது.

பிப்ரவரி 3ஆம் தேதி கடிதம் எழுதினோம். முதல் வரைவு மாமாவுடையது. 'நீண்ட கால வாடிக்கையாளரான எனக்குக் கருணை கூர்ந்து கட்டணத்தைக் குறைத்து உதவுமாறு' என்று ஆரம்பித்திருந்தார். அந்த வரியை அப்படியே விட்டிருந்தால் கடிதம் அங்கேயே செத்திருக்கும். ஏனென்றால் சலுகை தருவதும் தராததும் வங்கியின் வணிக முடிவு. அதில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார், திட்டமே அப்படித்தான் சொல்கிறது. எழுதிக் கொடுத்த கட்டணத்துக்கு மாறாகப் பிடிப்பது வேறு விஷயம். அது சேவைக் குறைபாடு. கட்டணத்தை 'குறைக்க' என்று ஒரு இடத்தில்கூட வராமல் மாற்றி எழுதினேன். லெட்டர் எண், தேதி, பக்கம். அதன்படி வர வேண்டியது 12,980. பிடித்த நாள், பிடித்த தொகை 29,500. கூடுதலாகப் பிடித்தது 16,520, அதில் கட்டணம் 14,000, வரி 2,520. இதைத் திருத்தித் தரவும். அவ்வளவுதான், அரைப் பக்கம்.

அதே நாட்களில் மதிப்பீட்டாளர் கட்டணமாக நாலாயிரம் தனியாகப் பிடித்திருந்தார்கள். மாமா அதையும் சேர்க்கச் சொன்னார். அதற்கு லெட்டரில் 'உண்மைச் செலவுப்படி' என்று இருந்தது, அதனால் சேர்க்கவில்லை. பலமான கோரிக்கையோடு பலவீனமான ஒன்றைக் கட்டினால், வங்கி பலவீனமானதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். லெட்டரில் 'ஒரு சதவீதம் வரை' என்று இருந்திருந்தால் நாங்கள் வாயைத் திறந்திருக்க முடியாது. அந்த 'வரை'க்குள் எல்லாம் அடங்கிவிடும்.

பிப்ரவரி 17இல் பதில் வந்தது. 'வங்கியின் சேவைக் கட்டண அட்டவணைப்படியே கட்டணம் வசூலிக்கப்பட்டுள்ளது. கட்டணங்களை மாற்றும் உரிமை வங்கிக்கு உண்டு என்பதை சாங்ஷன் லெட்டரின் நிபந்தனையில் தாங்கள் ஏற்றுள்ளீர்கள்.' மாமா அதோடு முடிந்தது என்றே நினைத்தார். அந்த நிபந்தனை லெட்டரில் இருந்தது உண்மைதான். ஆனால் ரிசர்வ் வங்கி 2003 மே மாதமே கடன் கொடுப்போருக்கான நியாய நடைமுறை விதிகளில் ஒன்று சொல்லிவிட்டது. நிபந்தனையையோ கட்டணத்தையோ மாற்றினால் கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும், மாற்றம் அதற்குப் பிறகு வருவதற்குத்தான் பொருந்தும். ஜனவரி 9க்கும் 24க்கும் நடுவில் எங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை.

அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று கோப்பிலேயே இருந்தது. சாங்ஷன் லெட்டரோடு பின் அடித்த ஒரு அட்டவணை, 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'. வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் தாள். 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கை மூலம், தனிநபர் கடன்களுக்கும் சிறு குறு நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் இதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தரப்படும் புதுக் கடன்களுக்கு அது பொருந்தும். அந்தத் தாளில் சொல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் காலம் முழுக்க எந்தக் கட்டத்திலும் பிடிக்கக் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. எங்கள் தாளில் செயல்பாட்டுக் கட்டணம் என்ற கட்டத்தில் 11,000 என்று ரூபாயிலேயே எழுதியிருந்தது. சதவீதம் என்றால் எதன்மேல் என்று வாதாடலாம், ரூபாய்க்கு வாதாட இடமில்லை. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. மாமாவுக்குக் கொடுத்தது ஆங்கிலத்தில். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, தேவைப்படவும் இல்லை.

பிப்ரவரி 20இல் இரண்டாம் கடிதம், வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு, கிளைக்கு ஒரு நகலோடு. அந்தத் தாளின் நகலை இணைத்து 11,000 என்ற கட்டத்தைச் சுற்றி பேனாவில் ஒரு வட்டம். கடைசியில் ஒரு வரி: பதில் திருப்தியாக இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் புகார் பதிவு செய்வோம். மிரட்டல் தொனி வேண்டாம் என்று மாமா அந்த வரியை மூன்று தடவை படித்தார். படித்துவிட்டு, 'தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி' என்று தன் கைப்பட அடியில் சேர்த்தார். அதை நான் தடுக்கவில்லை.

மார்ச் 12 அன்று 14,000 வந்தது. வரி வரவில்லை. கேட்டபோது கிளையில் சொன்னார்கள், "ஜிஎஸ்டி கவர்மென்ட்டுக்குப் போயிடுச்சு மேடம், எங்க கையில இல்ல."

இந்தப் பதிலை நம்பி வரியை விட்டுவிடுபவர்கள் உண்டு. வீட்டுக் கடன் வாங்கிய சம்பளக்காரர் என்றால் அவருக்கு அது முழு நஷ்டம். கட்டணத்தைக் கூடுதலாக விதித்துவிட்டால், கொடுத்தவர் கிரெடிட் நோட் போட்டு வரியையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசமும் உண்டு. இதை ஒரு மெயிலில் மூன்று வரியாக எழுதி அனுப்பினேன். மார்ச் 29இல் 2,520 வந்து சேர்ந்தது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பணம் போனது கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து, அதாவது வட்டி ஓடும் கணக்கிலிருந்து. திருப்பிய பணத்தை ஜனவரி 24 மதிப்புத் தேதியிட்டு வரவு வைத்திருந்தால் இடைப்பட்ட வட்டியும் அழிந்திருக்கும். அவர்கள் வந்த தேதியிலேயே வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் இருநூறு சொச்சம் ரூபாய். "விடு பாப்பா, அந்த டீக்குக் கழிச்சுக்கலாம்" என்றார் மாமா. லிமிட்டும் அந்த வாரமே புதுப்பித்துக் கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட்டபோது மேனேஜர், "உங்க பொண்ணு நல்லா லெட்டர் எழுதுது சார்" என்றாராம். தங்கச்சி பொண்ணு என்று மாமா திருத்தவில்லை.

ஏப்ரல் 14க்குப் பிறகு மார்ச் மாதத்து ஜிஎஸ்டிஆர் 2பி திறந்து பார்த்தேன். வங்கியின் கிரெடிட் நோட் வந்திருந்தது, 14,000 மேல் 2,520. ஜனவரி ரிட்டர்னிலேயே அந்த வரியை மாமாவின் உள்ளீட்டு வரவில் எடுத்திருந்தேன், ஆகவே இப்போது அதைத் திருப்பிக் கழிக்க வேண்டும். போனில் சொன்னேன்.

"அப்ப அந்த ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபது?"

"கவர்மென்ட்டுக்குத் திரும்பப் போகுது மாமா. நாம முன்னாடியே எடுத்துக்கிட்டோம்ல."

கொஞ்ச நேரம் பின்னால் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "அதுக்கா பாப்பா மூணு வரி மெயில் போட்ட?" என்றார்.