முதல் பட்டதாரியின் கேப்ஷன்: அம்மா அப்பாவுக்கு நாலு வரி

ஃபைனல் இயர் மக்களே, இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம எல்லாரோட ஃபீடும் கறுப்பு கவுன் போட்டோவால நிறையப் போகுது. போட்டோ ஈசி. அதுக்குக் கீழ என்ன எழுதுறதுங்கறதுதான் கஷ்டம். அதுவும் நீங்க உங்க வீட்டுல முதல் பட்டதாரின்னா, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

"உங்க தியாகத்துக்கு நன்றி அம்மா அப்பா" என்ற வரியைப் போன வருஷ சீனியர்ஸ் போஸ்ட்ல எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா பெயரை மாத்தினா யாரோட போஸ்டுக்கு வேணும்னாலும் அது பொருந்தும். என்னோட டிராஃப்டை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினப்போ, 'தியாகம்'ங்கற இடத்துல சிரிச்சுட்டாங்க. "அதெல்லாம் சுதந்திரப் போராட்டத்துக்குப் போனவங்களுக்குச் சொல்றது கண்ணு. நாங்க கணக்குத்தான போட்டோம்" என்றார். அந்தக் 'கணக்கு' என்ற வார்த்தையை நான் விடவே இல்ல. கேப்ஷன் முழுசும் அதுக்குள்ளதான் எழுதினேன்.

எங்க ஊர் திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில பவர்டேபிள் டெய்லர். அம்மா அங்கேயே பிசிறு வெட்டுற வேலை. சனிக்கிழமைதான் சம்பளம். காலையில எட்டரைக்குப் போய் சாயங்காலம் அஞ்சரைக்கு வந்தா ஒரு ஷிஃப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் உக்காந்து தைச்சா ஒன்றரை. செமஸ்டர் ஃபீஸ் கட்டுற மாசம் அப்பா ஒன்றரை பார்ப்பார், அம்மா ஏலச்சீட்டை எடுப்பார். "எனக்காக உழைச்சீங்க"ன்னு எழுதுறதும், "ஃபீஸ் மாசம் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தீங்க"ன்னு எழுதுறதும் ஒண்ணு கிடையாது. ரெண்டாவது வரி எங்க அப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும். உங்க வீட்டுலயும் அப்படி ஒரு வரி இருக்கும். அது தறியா இருக்கலாம், ஆட்டோ டியூவா இருக்கலாம், வித்த மாடா இருக்கலாம். கேட்டுப் பாருங்க, அவங்களே சொல்லுவாங்க.

அடுத்தது 'முதல் பட்டதாரி' என்ற வார்த்தை. போஸ்ட்ல அது பெருமை, ஆனா தாலுகா ஆபீஸ்ல அது ஒரு சான்றிதழ். அதை வாங்க அம்மா, அப்பா, ரெண்டு பக்கத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவங்க யாருமே டிகிரி முடிக்கலைன்னு நாமும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்கணும். அதைக் காட்டினாத்தான் கவுன்சிலிங்ல சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை. நான் படிக்கிற மாதிரி தனியார் கல்லூரியில அது வருஷத்துக்கு 25,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம்.

இதுல பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. அந்தச் சலுகை ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான். என் தம்பி இப்போ பன்னெண்டாவது, மெட்ரிக் ஸ்கூல். அவன் இஞ்சினியரிங் சேர்ந்தா, அக்கா ஏற்கனவே வாங்கிட்டதால அவனுக்குக் கிடைக்காது. விதி அப்படி, அதுல யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா நான் 'முதல்'னு பெருமையா எழுதும்போது, 'ரெண்டாவது' கட்டப்போற அந்த ஒரு லட்சமும் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கு. அதனால என் கேப்ஷன்ல தம்பிக்கும் ஒரு வரி வெச்சேன். உங்களுக்குக் கீழ யாராவது படிச்சுட்டு இருந்தா, நீங்களும் இதை யோசிச்சுப் பாருங்க.

மூணாவது விஷயம், அனுமதி. டிராஃப்ட்ல அம்மாவோட செயின் அடகுல இருக்கிறதையும் எழுதியிருந்தேன். நகைக்கடன் எப்படின்னு தெரியும்ல? வருஷம் முடிஞ்சா வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கணும், இல்லாட்டி ஏலத்துக்குப் போயிடும். நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது வெச்சது, இன்னும் மீட்கல. எனக்கு அது ரொம்ப அழுத்தமான வரியாத் தெரிஞ்சது. அம்மா உடனே, "அதை எடுத்துரு சாமி. கழுத்துல கவரிங் போட்டுக்கிட்டு நாலு விசேஷத்துக்குப் போயிட்டு வர்றேன். அது ஊருக்குத் தெரியணுமா?" என்றார். எடுத்துட்டேன். (அம்மாவைக் கேட்டுட்டுத்தான் இங்க எழுதுறேன். "உங்க காலேஜ் பிள்ளைங்கதான படிப்பாங்க, பரவால்ல. சொந்தக்காரங்க பாக்குற எடத்துல வேண்டாம்"னு சொன்னாங்க.)

அப்பா இதுக்கு நேர் எதிர். அவர் எட்டாவதோட நின்னதை எழுதலாமா வேண்டாமான்னு நானே தயங்கிட்டு இருந்தேன். "எழுது கண்ணு. அதை எழுதலைன்னா நீ படிச்சது எப்படித் தெரியும்?" என்றார். எது கௌரவம், எது கூச்சம்னு நாமே முடிவு பண்ண முடியாது. அவங்க வாழ்க்கை அது, அவங்க ஒரு தடவை கேட்கணும். வாசிச்சுக் காட்டும்போது முகத்தைப் பாருங்க. "சரி சரி, போடு"ன்னு சீக்கிரமா முடிச்சாங்கன்னா, எந்த வரி வந்தப்போ குரல் மாறுச்சுன்னு பிடிச்சு, அதை மட்டும் தனியாக் கேளுங்க.

கடைசியா, மொழி. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். கேப்ஷன் இங்கிலீஷ்லதான் வேகமா வரும், இந்தக் கட்டுரையிலேயே எத்தனை இங்கிலீஷ் வார்த்தைன்னு எண்ணிப் பாருங்க. ஆனா அம்மா அப்பாவுக்கு எழுதுற கடிதத்தை அவங்களால படிக்க முடியலைன்னா, அது அவங்களுக்கு எழுதினது இல்ல. நம்ம ஃபாலோயர்ஸுக்கு எழுதினது. அதனால தமிழ்லயே எழுதினேன், சின்னச் சின்ன வாக்கியமா. இன்ஸ்டாவுல முதல் ரெண்டு வரிதான் வெளிய தெரியும், மீதியைப் பார்க்க அழுத்தணும். முக்கியமானதை முன்னாடியே வெச்சுடுங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரும் இன்ஸ்டாவுல இல்ல. அவங்க பார்க்கிறது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான், அதுவும் 24 மணி நேரத்துல போயிடும். அதனால போட்டோவைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் இதையே பேனாவுல எழுதிக் கொடுக்கப் போறேன்.

இதுதான் அது. ரிசல்ட் வந்ததும் போடுவேன்:

"வீட்டுல முதல் டிகிரி. கணக்குப் போட்டது நீங்க ரெண்டு பேர், எழுதினது நான்.
அப்பா, நீங்க எட்டாவதோட நின்னீங்க. ஃபீஸ் மாசமெல்லாம் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தீங்க. ராத்திரி வந்ததும் 'நீ சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேட்டீங்க.
அம்மா, நாள் முழுக்க பிசிறு வெட்டின கையாலதான் என் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டீங்க. சீட்டு எடுத்தது எனக்குத் தெரியும். தள்ளுபடி எவ்வளவு போச்சுன்னு நீங்க சொன்னதே இல்ல.
தம்பி, சலுகையை நான் வாங்கிட்டேன். உன் வருஷத்துக்கு 25,000 இனி என் சம்பளத்துல.
மிச்சக் கணக்கு போஸ்ட்ல வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. அது எனக்கு மனப்பாடம்."

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அம்மா எதுவும் சொல்லல. கவரிங் செயினை நேராக்கிக்கிட்டு, "ம், இருக்கட்டும்" என்றார்.